கைபேசியில் எடுத்த ஆட்டமான காணொளியை எஃப்எஃப்எம்பெக்கின் இருகட்ட ஃபில்டரால் நிலைப்படுத்துதல்

சென்ற தை மாதம் ஒரு காலை வேளையில், வாய்க்கால் வரப்பின் மேல் என் அண்ணன் மகன் முன்னே நடக்க, நான் கைபேசியைப் பிடித்தபடி பின்னாலேயே நடந்து ஒரு காணொளி எடுத்தேன். வெளிச்சமும் பயிரின் நிறமும் நன்றாக அமைந்திருந்தன. ஆனால் கணினித் திரையில் பெரிதாகப் போட்டுப் பார்த்தபோது, ஒவ்வோர் அடிக்கும் காட்சி மேலும் கீழும் துள்ளியது; ஒரு நிமிடத்திற்கு மேல் பார்த்தால் தலை சுற்றும் என்னும் அளவுக்கு இருந்தது. அந்த ஒரு காணொளியை எஃப்எஃப்எம்பெக் மென்பொருளைக் கொண்டு எப்படிச் சீர்செய்தேன் என்பதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கட்டளை வரியில் ஒரு கோப்புறைக்குள் சென்று கட்டளை தட்டத் தெரிந்தவர்களுக்கு இது போதுமானது.

அந்தக் காணொளியின் அளவு 1920×1080 பிக்சல், நொடிக்கு 30 ஃபிரேம், நீளம் 46 நொடி. இந்த எண்கள் பின்னால் தேவைப்படும்.

## ஏன் இரண்டு கட்டம்

ஆட்டத்தை நீக்க வேண்டுமானால், கேமரா போன பாதையையும் அது போயிருக்க வேண்டிய பாதையையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டளவுக்கு ஒவ்வொரு ஃபிரேமையும் எதிர்த்திசையில் நகர்த்த வேண்டும். போயிருக்க வேண்டிய பாதையைக் கணிப்பதற்கு முன்னால் வந்த ஃபிரேம்கள் மட்டும் போதா. பின்னால் வரப்போகும் ஃபிரேம்களும் தெரிந்திருக்க வேண்டும். கை இப்போது இடப்பக்கம் நகர்ந்தது தடுமாற்றமா, இல்லை வேண்டுமென்றே திரும்பியதா என்பது அடுத்த ஒரு நொடியைப் பார்த்தால்தானே விளங்கும்? ஆகவே முதற்கட்டத்தில் `vidstabdetect` என்ற ஃபில்டர் காணொளி முழுவதையும் ஒருமுறை பார்த்து, ஃபிரேமுக்கு ஃபிரேம் நேர்ந்த நகர்வை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. இரண்டாம் கட்டத்தில் `vidstabtransform` என்ற ஃபில்டர் அந்தக் கோப்பைப் படித்து, பாதையைச் சீராக்கி, படத்தை நகர்த்தியும் சுழற்றியும் புதிய காணொளியை உருவாக்குகிறது.

இவ்விரண்டும் எஃப்எஃப்எம்பெக்கின் சொந்த ஃபில்டர்கள் அல்ல. ஜார்ஜ் மார்டியஸ் எழுதிய விட்ஸ்டாப் என்ற நிரலகத்தைச் சார்ந்தவை. எனவே அந்த நிரலகத்தைச் சேர்த்துத் தொகுக்கப்பட்ட பதிப்பு உங்களிடம் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

```
ffmpeg -hide_banner -h filter=vidstabdetect
```

இதற்கு ஃபில்டரின் விருப்பத் தெரிவுகள் பட்டியலாக வந்தால் சரி. அப்படி ஒரு ஃபில்டரே இல்லை என்று பதில் வந்தால், வேறு பதிப்பைத்தான் நிறுவ வேண்டும். உபுண்டு, டெபியன் ஆகியவற்றின் களஞ்சியத்திலிருந்து வரும் பதிப்பில் இந்த நிரலகம் சேர்ந்தே இருக்கிறது.

## முதலில் தலையையும் வாலையும் வெட்டுங்கள்

பலரும் இதைத் தவிர்த்துவிட்டு நேராக நிலைப்படுத்தப் போகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். பதிவுப் பொத்தானை அழுத்தியபின் கைபேசியை உயர்த்துவதும், முடிந்தபின் அதைத் தாழ்த்துவதும் காணொளியின் மிகப் பெரிய நகர்வுகள். ஓரங்களை மறைக்கப் படத்தை எவ்வளவு பெரிதாக்குவது என்பதை ஃபில்டர் பெரிய நகர்வுகளைப் பார்த்தே முடிவு செய்கிறது. ஆகவே யாருக்கும் வேண்டாத அந்த நான்கு நொடிகளுக்காக, வேண்டிய 42 நொடிகளும் தேவையின்றிப் பெரிதாக்கப்பட்டு, ஓரங்களை இழக்கும்.

```
ffmpeg -ss 2 -i varappu.mp4 -t 42 -c:v libx264 -crf 12 -pix_fmt yuv420p -c:a copy v1.mp4
```

`-crf 12` என்பது தரத்தை மிக உயர்வாக வைக்கிறது. கோப்பு பெரிதாகும், ஆனால் இது இடைநிலைக் கோப்புதான், வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். இந்தக் கட்டளையால் இன்னொரு நன்மையும் உண்டு. நெடுக்குவாட்டில் எடுத்த காணொளிகளில் படம் உண்மையில் படுத்த நிலையில் பதிவாகி, அதைத் திருப்பிக் காட்டு என்ற குறிப்பு மட்டுமே கோப்பில் இருப்பது உண்டு. இங்கே மறுபடி குறியாக்கம் செய்யும்போது படமே நிமிர்ந்துவிடுவதால், பின்வரும் கட்டங்களில் அந்தக் குழப்பம் எழாது.

ஹெச்டிஆர் முறையில் எடுத்த காணொளிக்கு இந்த வழி பொருந்தாது. விட்ஸ்டாப் ஃபில்டர்கள் 8 பிட் நிறத்தில்தான் இயங்குகின்றன; கைபேசியின் ஹெச்டிஆர் பதிவு 10 பிட் கொண்டது. வெறுமனே பிட்டைக் குறைத்தால் வானத்தில் பட்டை பட்டையாக நிறம் பிரியும். நிலைப்படுத்தும் எண்ணம் இருந்தால், எடுக்கும்போதே கேமரா அமைப்பில் ஹெச்டிஆரை அணைத்துவிடுவது நல்லது.

வேறு வேறு காட்சிகளை ஒட்டிய ஒரே கோப்பாக இருந்தால், காட்சிக்கு ஒரு கோப்பாகப் பிரித்துத் தனித்தனியே நிலைப்படுத்துங்கள். ஒட்டு விழுந்த இடத்தைப் பெரிய குலுக்கல் என்று ஃபில்டர் எண்ணிவிடும்.

## முதற்கட்டம்: நகர்வை அளத்தல்

```
ffmpeg -i v1.mp4 -vf vidstabdetect=shakiness=6:result=v1.trf -f null -
```

இறுதியில் உள்ள `-f null -` என்பது, படம் எதையும் எழுத வேண்டாம், ஃபில்டரை ஓட்டினால் போதும் என்று சொல்கிறது. கட்டளை முடிந்ததும் கோப்புறையில் `v1.trf` என்ற கோப்பு உருவாகியிருக்கும். விண்டோஸில் இந்தக் கோப்பின் முழுப் பாதையையும் கட்டளையில் கொடுக்க முயன்றால், `C:` என்பதில் உள்ள முக்காற்புள்ளியை ஃபில்டர் தன் தெரிவுகளைப் பிரிக்கும் குறியாக எடுத்துக்கொண்டு பிழை காட்டும். காணொளி இருக்கும் கோப்புறைக்கே சென்று, வெறும் பெயரை மட்டும் கொடுப்பதே தொல்லையில்லாத வழி.

`shakiness` என்பது ஆட்டம் எவ்வளவு வேகமானது என்று நாம் ஃபில்டருக்குத் தரும் முன்னறிவிப்பு. 1 முதல் 10 வரை தரலாம், ஒன்றும் தராவிட்டால் 5. எண் கூடக்கூட, படத்தின் ஒரு சிறு பகுதி அடுத்த ஃபிரேமில் எங்கே போயிற்று என்பதை ஃபில்டர் இன்னும் தொலைவு வரை தேடும். நின்றபடி எடுத்ததற்கு 4, நடந்து எடுத்ததற்கு 6, ஓடும் வண்டியிலிருந்து எடுத்ததற்கு 8 என்பது என் பழக்கம். எல்லாவற்றுக்கும் 10 என்று வைப்பதை நான் விரும்புவதில்லை. நேரம் கூடுவதோடு, தேடும் பரப்பு பெரிதானால் ஒரே மாதிரித் தோன்றும் நாற்றுகளுக்கிடையே தவறான பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பும் கூடுகிறது. `accuracy` என்ற இன்னொரு தெரிவு உண்டு. அதன் இயல்பு மதிப்பே உச்சமான 15 என்பதால் அதைத் தொட வேண்டியதில்லை.

## இரண்டாம் கட்டம்: பாதையைச் சீராக்குதல்

```
ffmpeg -i v1.mp4 -vf "vidstabtransform=input=v1.trf:smoothing=30,unsharp=5:5:0.4:3:3:0.2" -c:v libx264 -crf 18 -preset slow -pix_fmt yuv420p -c:a copy v2.mp4
```

இந்த நீண்ட கட்டளையில் நம் முழுக் கவனத்தையும் கோருவது `smoothing` என்ற ஓர் எண்தான். இங்கே தரும் எண் எவ்வளவோ, அவ்வளவு ஃபிரேம்களை முன்னாலும் அவ்வளவு ஃபிரேம்களைப் பின்னாலும் பார்த்து, நடுவிலுள்ள ஃபிரேமுக்குரிய இடத்தை ஃபில்டர் கணிக்கிறது. எடுத்துக்காட்டாக, 10 என்று வைப்போம். அப்படியானால் முன்னே 10, பின்னே 10, நடுவில் ஒன்று என மொத்தம் 21 ஃபிரேம் கொண்ட சாளரம் அது. நொடிக்கு 30 ஃபிரேம் உள்ள காணொளியில் இது 0.7 நொடிதான்.

இந்த அளவு போதுமா என்பதை நடையின் கணக்கிலிருந்தே அறியலாம். இயல்பாக நடப்பவர் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறார். ஒவ்வோர் அடிக்கும் உடல் ஒருமுறை எழுந்து தாழ்வதால், மேல்கீழ்த் துள்ளல் 15 ஃபிரேமுக்கு ஒன்று. ஆனால் இடக்கால், வலக்கால் என்று எடை மாறுவதால் வரும் பக்கவாட்டு அசைவு, இரண்டு அடிகள் சேர்ந்தால்தான் ஒரு சுற்று முடியும். அதாவது 30 ஃபிரேம். 21 ஃபிரேம் சாளரம் துள்ளலை ஓரளவு விழுங்கிவிடும். பக்கவாட்டு அசைவை விழுங்காது. `smoothing=10` என்று வைத்து நான் எடுத்த முதல் வெளியீட்டில் நேர்ந்ததும் அதுவே: துள்ளல் அடங்கிவிட்டது, ஆனால் படகில் உட்கார்ந்து பார்ப்பதுபோல் காட்சி இடமும் வலமும் அசைந்துகொண்டே இருந்தது. 30 என்று வைத்தபோது சாளரம் 61 ஃபிரேம், அதாவது இரண்டு முழுச் சுற்றுகள், அசைவு அடங்கிற்று.

இந்த எண் ஃபிரேம் கணக்கில் இருப்பதை மறக்கக் கூடாது. நொடிக்கு 60 ஃபிரேம் வீதம் எடுத்த காணொளிக்கு அதே விளைவு வேண்டுமானால் `smoothing=60` என்று தர வேண்டும்.

அப்படியானால் எண்ணை இன்னும் உயர்த்தினால் இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றும். நானும் 90 வைத்துப் பார்த்தேன். என் காணொளியின் 20ஆம் நொடியில், பையன் மோட்டார் கொட்டகைப் பக்கம் திரும்ப, நானும் கைபேசியோடு ஒரு நொடிக்குள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தேன். 181 ஃபிரேம் சாளரத்தில், அதாவது ஆறு நொடியில், அந்த ஒரு நொடித் திருப்பம் கரைந்துபோய், கேமரா அவன் திரும்புவதற்கு முன்பே மெல்லத் திரும்பத் தொடங்கி, அவன் திரும்பி முடித்த பின்னும் திரும்பிக்கொண்டே இருந்தது. உண்மையான பாதைக்கும் சீரான பாதைக்கும் இடைவெளி பெரிதானதால் படத்தை மிகவும் பெரிதாக்க நேர்ந்து, பையனின் பாதங்கள் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டன. எனவே எண்ணைத் தெரிவு செய்யும்போது இரண்டைப் பார்க்க வேண்டும்: நீக்க வேண்டிய அசைவின் ஒரு சுற்று எத்தனை ஃபிரேம், காப்பாற்ற வேண்டிய திருப்பம் எத்தனை ஃபிரேம். முன்னதைவிடச் சாளரம் தாராளமாகப் பெரிதாக இருக்க வேண்டும். பின்னதை அது முழுதாக விழுங்கிவிடக் கூடாது. இரண்டும் நெருங்கிய அளவில் இருந்தால், என் காணொளியில் இருந்ததைப்போல, ஏதாவது ஒன்றில் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

## ஓரத்தில் இழப்பது எவ்வளவு

படத்தை நகர்த்தினால் எதிர்ப்பக்கத்தில் வெற்றிடம் தோன்றும். அதை மறைக்கவே ஃபில்டர் படத்தைப் பெரிதாக்குகிறது. ஒரு ஃபிரேம் 60 பிக்சல் மேலே நகர்த்தப்படுகிறது என்று கொள்வோம். நடுவை மையமாக வைத்துப் பெரிதாக்குவதால், ஒரு பக்கத்து வெற்றிடத்தை மறைக்க இரு பக்கமும் 60 பிக்சல் இழக்க வேண்டும். ஆக 1080இல் 120, ஏறத்தாழ 11 விழுக்காடு. இதே 60 பிக்சல் பக்கவாட்டில் நகர்ந்தால் 1920இல் 120, அதாவது 6 விழுக்காடு சொச்சம்தான். படுக்கைவாட்டில் எடுத்த காணொளியில் மேல்கீழ்த் துள்ளலே நம்மிடமிருந்து அதிகம் பறிக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். முழங்காலைச் சற்றே மடக்கி, பாதத்தை உருட்டி வைத்து நடக்கச் சொல்கிறார்களே, அதன் பயன் இங்கேதான் கிடைக்கிறது.

இரண்டாம் கட்டம் தொடங்கும்போது திரையில் ஓடும் வரிகளில் `Final zoom` என்று ஓர் எண் வரும். அது விழுக்காட்டில் அமைந்தது. தலையும் வாலும் வெட்டாமல் முதலில் ஓட்டியபோது எனக்கு 19க்கு மேல் வந்தது. வெட்டியபின் 11 அளவுக்கு இறங்கியது. 11 என்றால், 1920 பிக்சல் அகலத்தில் ஏறத்தாழ 1710 பிக்சல் அகலப் பகுதியே விரிக்கப்பட்டுத் திரையை நிரப்புகிறது. இந்த விரிப்பால் வரும் மங்கலை ஈடுகட்டவே கட்டளையில் `unsharp` சேர்த்திருக்கிறேன். விளக்கக் குறிப்புகளில் வழக்கமாகக் காணப்படும் மதிப்பு `5:5:0.8:3:3:0.4`; ஆனால் கைபேசிகள் ஏற்கெனவே படத்தைக் கூர்மையாக்கியே பதிவு செய்வதால், அதில் பாதியே எனக்குப் போதுமென்று படுகிறது. முழு அளவு வைத்தபோது தென்னங்கீற்றுகளைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தது.

எந்த இடத்தில் எவ்வளவு நகர்த்தப்படுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், பெரிதாக்குதலை நிறுத்திவிட்டு, வெற்றிடத்தைக் கறுப்பாகக் காட்டும்படி ஒரு சோதனை வெளியீடு எடுங்கள்.

```
ffmpeg -i v1.mp4 -vf vidstabtransform=input=v1.trf:smoothing=30:optzoom=0:crop=black -an sothanai.mp4
```

இதில் கறுப்புப் பட்டை ஓரங்களில் ஊர்ந்தபடி இருக்கும். பெரும்பாலும் மெல்லியதாக இருந்து, ஓரிடத்தில் மட்டும் திடீரெனத் தடித்தால், அந்த இடத்தில்தான் சிக்கல் என்று கொள்ளலாம். அங்கே வெட்ட முடியுமானால் வெட்டிவிட்டு இரு துண்டுகளாக நிலைப்படுத்துவது, முழுக் காணொளியையும் பெரிதாக்குவதைவிட மேல். `optzoom=2` என்று வைத்தால் தேவைக்கேற்பப் பெரிதாக்கம் மெல்லக் கூடிக் குறையும் என்பது உண்மையே. ஆனால் நடந்து எடுத்த காட்சியில் அது மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்குவதாகத் தெரிவதால் நான் பயன்படுத்துவதில்லை.

## தவறினால் எப்படித் தெரியும்

வெளியீடு மூலத்தைவிட மோசமாக ஆடினால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: அளந்த ஃபிரேம்களும் நகர்த்தும் ஃபிரேம்களும் வேறு வேறு. `v1.trf` கோப்பில் முதல் அளவு முதல் ஃபிரேமுக்கு, இரண்டாவது இரண்டாவதற்கு என்ற வரிசைதான் இருக்கிறது. முதற்கட்டத்தை முழுக் காணொளிக்கு ஓட்டிவிட்டு, இரண்டாம் கட்டத்தில் மட்டும் `-ss` கொடுத்தாலோ, ஒரு கட்டத்தில் மட்டும் `fps` ஃபில்டரை முன்னால் சேர்த்தாலோ, ஒவ்வொரு திருத்தமும் வேறொரு ஃபிரேமின் மேல் விழும். இரண்டாம் கட்டத்தில் ஃபிரேம்கள் மிகுதியாகிவிட்டால் `not enough transforms found` என்ற எச்சரிக்கையும் வரும். ஃபிரேம்கள் குறைவாக இருந்தால் எந்த எச்சரிக்கையும் வராது என்பதால் கண்ணைத்தான் நம்ப வேண்டும். கைபேசிகள் ஃபிரேம் இடைவெளியைச் சற்றே கூட்டியும் குறைத்தும் பதிவு செய்வதால் சிலர் முன்கூட்டியே அதைச் சீராக்க நினைப்பார்கள். அது வேண்டுமானால் `fps=30` என்பதை `vidstabtransform`க்குப் பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள், முன்னால் அல்ல.

இன்னொரு தவறு எனக்கு 28ஆம் நொடியில் நேர்ந்தது. பையன் திரும்பி வந்து கேமராவுக்கு மிக அருகில், சட்டகத்தில் பாதியை மறைத்தபடி கடந்தான். அந்த நேரத்தில் பின்னணி முழுவதும் எதிர்ப்பக்கமாக ஒரு முறை வழுக்கிச் சென்றது. படத்தின் பல இடங்களில் எடுத்த நகர்வுகளில் பெரும்பான்மையை ஒட்டியே ஃபில்டர் கேமராவின் நகர்வை முடிவு செய்கிறது. வானம் வெறுமையாக இருந்ததால் அங்கே அளக்க ஒன்றும் இல்லை, எஞ்சியவற்றில் பையனின் சட்டைக் கட்டங்களே பெரும்பான்மையாகிவிட்டன. இப்படித்தான் நடந்ததா என்பதை உறுதி செய்ய, முதற்கட்டத்தில் `show=1` சேர்த்து ஒரு காணொளியாக எழுதிப் பார்க்கலாம். அளவெடுத்த இடங்கள் படத்தின் மேலேயே வரைந்து காட்டப்படும்.

```
ffmpeg -i v1.mp4 -vf vidstabdetect=shakiness=6:show=1:result=s.trf -an paarvai.mp4
```

இதற்கு ஃபில்டருக்குள் நல்ல மருந்து இல்லை. அந்த ஒன்றரை நொடியை நான் வெட்டி எறிந்தேன்.

நிலைப்படுத்திய பின்பும் ஒவ்வோர் அடிக்கும் படம் ஒரு கணம் மங்கித் தெளிவது போலத் தெரிந்தால், அது எடுக்கும்போதே ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் கை அசைந்ததன் தடம். முன்பு ஆட்டத்தோடு சேர்ந்திருந்ததால் கண்ணில் படாதது, படம் நிலைத்தபின் தனியாகத் தெரிகிறது. இதை எந்த எண்ணாலும் நீக்க முடியாது. கைபேசியின் ப்ரோ முறையில் ஷட்டர் வேகத்தை நல்ல வெயிலில் 1/200 அல்லது அதற்கு மேல் வைத்து எடுத்தால் பெருமளவு குறையும். மின்விளக்கு வெளிச்சமானால், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குவதால், 1/100 என்று வைப்பதே படம் மினுங்காமல் இருக்கப் பாதுகாப்பானது.

அதுபோலவே, தென்னை மரங்களும் மின்கம்பமும் ரப்பர்போல் நெளிந்தால், அது கைபேசியின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் வருவது. விட்ஸ்டாப் ஒரு ஃபிரேமை முழுதாக நகர்த்தவும் சுழற்றவுமே அறியும். ஒரே ஃபிரேமின் மேல்பாதியை ஒருவிதமாகவும் கீழ்ப்பாதியை வேறுவிதமாகவும் நகர்த்த அதற்குத் தெரியாது.

## ஒப்பிட்டுப் பார்த்தல்

தனித்தனியே பார்க்கும்போது கண் ஏமாறும். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒரே நேரத்தில் ஓடவிட்டால், எஞ்சிய அசைவு உடனே தெரிந்துவிடும்.

```
ffmpeg -i v1.mp4 -i v2.mp4 -filter_complex "[0:v][1:v]vstack" -an oppidu.mp4
```

`smoothing` எண்ணை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டுமானால் முதற்கட்டத்தை மறுபடி ஓட்ட வேண்டியதில்லை. அளவு மாறவில்லை, பாதைதான் மாறுகிறது. நான் 10, 30, 90 மூன்றையும் ஒரே `v1.trf` கோப்பிலிருந்துதான் எடுத்தேன். ஆனால் 28ஆம் நொடித் துண்டை வெட்டியபின் ஃபிரேம் வரிசை மாறிவிட்டதால், அதற்கு முன்னும் பின்னும் இருந்த இரு துண்டுகளுக்கும் இரண்டு கட்டங்களையும் புதிதாக ஓட்டினேன். `Final zoom` முதல் துண்டுக்கு 10, இரண்டாவதற்கு 7 என்று வந்தது. இரண்டையும் அப்படியே அடுத்தடுத்து ஒட்டினால் பெரிதாக்கத்தின் வேறுபாடு ஒட்டில் தெரியும் என்பதால், இரண்டாவது துண்டின் கட்டளையில் `zoom=3` சேர்த்தேன். நாம் தரும் அந்த எண், ஃபில்டர் தானாகக் கணித்ததோடு கூட்டப்படுகிறது.